புல் கால் ஸ்பிரெட்: எக்ஸ்பைரிக் கணக்கும் இடைப்பட்ட நாட்களும்

என்னிடம் ஆலோசனைக்கு வரும் ஆப்ஷன் வர்த்தகர்களில் பலர், ஒரு காலை வாங்கி, அதைவிட உயர்ந்த ஸ்ட்ரைக்கில் இன்னொரு காலை விற்கும் ஸ்பிரெட்டின் செலவு தனிக் கால் வாங்குவதைவிடக் குறைவு என்பதை மட்டும் பார்த்து அதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, நிப்டி ஏறிய பிறகு குழம்புகிறார்கள்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். நிப்டி 25,000-இல் இருக்கிறது. எக்ஸ்பைரிக்கு 15 நாட்கள் உள்ளன. 25,000 கால் ஆப்ஷனின் பிரீமியம் 250 ரூபாய், 25,300 காலின் பிரீமியம் 120 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முதல் காலை மட்டும் வாங்கினால் செலவு 250. எக்ஸ்பைரியன்று நிப்டி 25,250-ஐத் தாண்டினால்தான் லாபம், ஆனால் அந்த லாபத்துக்கு உச்சவரம்பு இல்லை. அதை வாங்கிக்கொண்டு 25,300 காலை விற்றால் நிகரச் செலவு 130 ஆகவும், பிரேக் ஈவன் 25,130 ஆகவும் இறங்கிவிடுகின்றன. அதற்கு விலையாக, அதிகபட்ச லாபம் இரண்டு ஸ்ட்ரைக்குகளுக்கும் இடையிலான 300-இல் செலவான 130 போக மீதமுள்ள 170-உடன் நின்றுவிடுகிறது. லாட் 75 என்று கொண்டால் செலவு 18,750-க்குப் பதிலாக 9,750 ரூபாய்; உச்ச லாபம் 12,750 ரூபாய்.

தனிக் கால் எந்த இடத்தில் ஸ்பிரெட்டை முந்துகிறது என்பதையும் கணக்கிட வேண்டும். விற்ற ஸ்ட்ரைக்குடன் அதில் கிடைத்த பிரீமியத்தைக் கூட்டினால் வரும் 25,420தான் அந்த எல்லை. எக்ஸ்பைரியன்று நிப்டி அதற்குக் கீழே எங்கு முடிந்தாலும் ஸ்பிரெட்டே மேல்.

ஆனால் இவை எல்லாமே எக்ஸ்பைரி நாளுக்கான எண்கள். ஐந்தே நாளில் நிப்டி 25,350-க்கு ஏறிவிட்டால், 25,000 கால் ஏறத்தாழ 430-க்கும் 25,300 கால் 230-க்கும் விலைபோகலாம். ஸ்பிரெட்டின் மதிப்பு அப்போது 200, லாபம் வெறும் 70; தனிக் கால் வாங்கியவருக்கோ 180. "விற்ற ஸ்ட்ரைக்கைத்தான் தாண்டிவிட்டதே சார், என்னுடைய 170 எங்கே?" என்று ஒருவர் இந்தக் கட்டத்தில்தான் என்னைக் கேட்டார். விற்ற காலில் இன்னும் பத்து நாளுக்கான கால மதிப்பு மிச்சமிருக்கிறது. அது கரையும்வரை முழு லாபம் கைக்கு வராது. ஆகவே வேகமான ஏற்றத்தை எதிர்பார்த்து, ஏறியவுடன் வெளியேற நினைப்பவருக்குத் தனிக் காலே பொருந்தும். மெதுவான ஏற்றத்தை எதிர்பார்த்து எக்ஸ்பைரிவரை காத்திருப்பவருக்கு ஸ்பிரெட்.

வெளியேறும்போது விற்ற காலை முதலில் திரும்ப வாங்கிவிட்டு, அதன்பிறகே வாங்கியதை விற்க வேண்டும். வரிசையை மாற்றினால் இடையில் பாதுகாப்பற்ற விற்பனை மட்டும் கையில் நிற்கும். மார்ஜின் தேவை ஒரே நொடியில் பல மடங்காகும். பங்கு ஆப்ஷன்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. நிப்டியைப் போலப் பணமாக அல்லாமல் அவை பங்குகளாகவே தீர்க்கப்படுவதால், எக்ஸ்பைரியன்று விலை இரண்டு ஸ்ட்ரைக்குகளுக்கு நடுவே முடிந்தால், விற்ற கால் மதிப்பிழந்து போக, வாங்கிய காலுக்கான பங்குகளை முழுத் தொகை செலுத்தி எடுத்துக்கொள்ள நேரிடும்.