தோட்டத்து வீட்டில் தங்க: பணம் அனுப்பும் முன் பேச வேண்டியவை

பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் ‘ஹோம்ஸ்டே’ பலகைகள் நிறைய கண்ணில் படும். ஆனால் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு அந்தப் பெயரில் சான்று கிடைக்க வேண்டுமென்றால், உரிமையாளர் குடும்பத்தோடு அதே வீட்டில் குடியிருக்க வேண்டும். ஓர் அறை முதல் ஆறு அறை வரைதான் விடலாம், 12 படுக்கைக்கு மேல் கூடாது. தங்கம், வெள்ளி என்று இரண்டு தரம் உண்டு. சான்று இருக்கிறதா, எந்தத் தேதி வரை செல்லும் என்று கேளுங்கள், வாட்ஸ்அப்பில் படம் அனுப்பச் சொல்லுங்கள். நீங்கள் அங்கே இருப்பீர்களா என்று கேட்டதற்கு, சாவியைக் காவலாளி கொடுப்பார் என்று பதில் வந்தால், அது வாடகை பங்களா. அதற்கேற்ற விலை பேசுங்கள்.

அப்புறம், வசதி. கழிவறை அறையோடு சேர்ந்ததா, வெந்நீர் கீசரிலா விறகடுப்பிலா, கரண்ட் போனால் ஃபேன் ஓடுமா என்ற மூன்றையும் நேராகக் கேட்டுவிடுங்கள். வயதானவர்கள் வந்தால், மேற்கத்திய கழிவறை உண்டா என்பதையும் கேளுங்கள்.

சண்டை வருவது பெரும்பாலும் சாப்பாட்டுக் கணக்கில். நான்கு பேர், இரண்டு அறை, இரண்டு இரவு என்று வைத்துக்கொள்வோம். அறைக்கு இரவு 1,800 ரூபாய் என்றால் 7,200. காலை இட்லியோ சந்தவையோ அதில் சேர்ந்ததா என்று கேட்க வேண்டும். இரவுச் சாப்பாடு ஆளுக்கு 200 என்றால் எட்டுச் சாப்பாட்டுக்கு 1,600. மொத்தம் 8,800. முன்பணம் 3,000 போக மீதி 5,800. இதை அப்படியே எழுதி அனுப்பி, “சரிங்க” என்று பதில் வந்த பிறகு பணம் போடுங்கள். வராமல் போனால் முன்பணம் எவ்வளவு திரும்பும் என்பதையும் அதிலேயே எழுதிக்கொள்ளுங்கள். நாட்டுக்கோழி வேண்டுமென்றால் முந்தின நாளே சொல்ல வேண்டும். அடித்துச் சமைத்த பிறகு “பசியில்லை” என்றாலும் அந்தக் காசைக் கொடுப்பதுதான் நியாயம்.

எங்களோடு வந்த ஒரு பையன், கைக்கெட்டும் குட்டைத் தென்னையில் இளநீர்க் குலையைப் பிடித்து இழுத்தான். இரண்டு காய் விழுந்து, ஒன்று வெடித்தது. தோட்டத்துப் பெரியவர் கோபப்படவில்லை. “அது யாவாரிக்குக் கணக்குப் பேசின மரம் கண்ணு” என்றார். குலையை எண்ணி வியாபாரிக்குப் பேசிவிட்டால், உரிமையாளரே அதில் கை வைக்கத் தயங்குவார். இளநீர் வேண்டுமென்றால் கேளுங்கள், வெட்டித் தருவார்கள், விலையைக் கொடுத்துவிடுங்கள். கட்டுத்தரைக்குள் மாட்டைப் படமெடுக்கப் போவதும் அப்படித்தான், கேட்டுவிட்டுப் போக வேண்டும். செருப்பு வாசலோடு நிற்கட்டும். மது குடிக்கலாமா என்பதை முன்பே கேட்டுவிடுங்கள். பல வீடுகளில் கூடாது.

எல்லோரும் அடையாள அட்டை கொண்டு போங்கள், பதிவேட்டில் எழுதுவார்கள். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள உறவினர் கூட வந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். அவர் வந்த 24 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் அவரைப் பற்றிய படிவத்தை இணையத்தில் ஏற்ற வேண்டும், அதற்குப் பாஸ்போர்ட், விசா விவரம் தேவைப்படும்.