மொத்தக் கோண உந்தம் (J): எலக்ட்ரானை எண்ணினால் மட்டும் போதாது

மொமென்ட், மொமென்டம் இரண்டுமே ஒரே லத்தீன் சொல்லிலிருந்து வந்தவை. 'நகர்த்து' என்ற பொருள் கொண்ட வினைதான் இரண்டுக்கும் வேர். தமிழில் இவற்றைப் பிரித்துவிட்டோம், அதுதான் தெளிவு: உந்துவது உந்தம், காந்தப்புலத்தில் வைத்தால் திரும்ப முயலும் அளவு திருப்புத்திறன். ஆகவே J என்பது மொத்தக் கோண உந்தம், μ என்பது காந்தத் திருப்புத்திறன்.

'மொத்த' என்ற அடைமொழிக்குக் காரணம், எலக்ட்ரான்களின் தற்சுழற்சி (S), அவை உட்கருவைச் சுற்றுவதால் வரும் கோண உந்தம் (L) இரண்டும் சேர்ந்தே J ஆகின்றன. குரோமியம் Cr³⁺ போன்ற 3d அயனிகளில் L-ஐ மறந்துவிட்டு, இணையாகாத எலக்ட்ரான்களை எண்ணி √(n(n+2)) போட்டால் விடை பெரும்பாலும் சரியாக வரும், ஏனென்றால் 3d வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் சுற்றியுள்ள ஈனிகளின் புலம் L-இன் பங்கை அமுக்கிவிடுகிறது. லாந்தனைடுகளின் 4f அப்படியில்லை. 5s, 5p கூடுகளுக்கு உள்ளே ஒளிந்திருக்கிறது, L உயிரோடு இருக்கிறது. (லாந்தனம் என்ற பெயரே 'ஒளிந்திரு' என்னும் கிரேக்கச் சொல்தான். ஆனால் 1839-இல் மொசாண்டர் அதைச் சூட்டியபோது நினைத்தது சீரியத்துக்குள் ஒளிந்திருந்த தனிமத்தை, 4f-ஐ அல்ல.)

சமாரியம் Sm³⁺ (4f⁵), டிஸ்ப்ரோசியம் Dy³⁺ (4f⁹) இரண்டையும் பாருங்கள். இரண்டிலும் 5 இணையாகாத எலக்ட்ரான்கள், S = 5/2, L = 5. தற்சுழற்சி மட்டும் கொண்ட வாய்பாடு இரண்டுக்கும் ஒரே விடை தரும்: √35, அதாவது 5.92 போர் மேக்னெட்டான். அளந்தால் Dy³⁺-க்குச் சுமார் 10.6, Sm³⁺-க்குச் சுமார் 1.5!

4f கூடு பாதிக்குக் குறைவாக நிரம்பினால் L-உம் S-உம் எதிரெதிராக நின்று J = L − S ஆகும், பாதிக்கு மேல் நிரம்பினால் J = L + S. அப்புறம் வரும் வாய்பாடு இது:

```
g = 1 + [J(J+1) + S(S+1) − L(L+1)] / [2J(J+1)]
μ = g√(J(J+1))
```

Dy³⁺-க்கு J = 15/2, g = 4/3, μ = 10.65, அளவீட்டோடு அழகாகப் பொருந்துகிறது. Sm³⁺-க்கு J = 5/2, g = 2/7, μ = 0.85 தான். இவ்வளவு சின்னதாக வரக் காரணம், தற்சுழற்சியின் காந்தப் பங்கு இரண்டு மடங்காகக் கணக்கில் வரும், 2 × 5/2 = 5, எதிரே நிற்கும் L-உம் 5, இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன.

சரி, 0.85 எங்கே, 1.5 எங்கே? அடுத்த நிலையான J = 7/2 சுமார் 1000 cm⁻¹ உயரத்தில்தான் இருக்கிறது. காந்தப்புலம் அதையும் அடிநிலையோடு கொஞ்சம் கலக்கிவிடுகிறது, அறை வெப்பநிலையில் சில அயனிகள் அங்கே ஏறியும் இருக்கும். வாய்பாடு தாழ்ந்த J ஒன்றை மட்டுமே கணக்கில் எடுக்கிறது. யூரோப்பியம் Eu³⁺-இல் இது இன்னும் வெளிப்படை: J = 0 என்பதால் வாய்பாடு சுழியம் சொல்லும், அளவீடோ 3.4 அளவில் வரும்.