நேர்ந்தும் தெரிவிக்கப்படாத இழப்பீடு: ‘எதிர்கால உரிமைகோரல் காப்பு’ ஏன் தவறு?

காப்பீட்டு நிறுவனக் கணக்குகளில் ஐ.பி.என்.ஆர். என்று சுருக்கி வழங்கும் தொடரை ‘எதிர்கால உரிமைகோரல் காப்பு’ என்று மொழிபெயர்த்திருப்பதைப் பலமுறை கண்டுவிட்டேன். அண்மையில் ஒரு தணிக்கைப் பயிற்சிக் குறிப்பிலும் அதையே கண்டதால் இதை எழுதுகிறேன்.

மூலத்தொடர் ‘இன்கர்டு பட் நாட் ரிப்போர்ட்டட்’. அதன் பொருள் எளியது. இழப்புக்குக் காரணமான நிகழ்வு கணக்கு முடிக்கும் நாளுக்குள் நடந்துவிட்டது. அந்தச் செய்தி மட்டும் நிறுவனத்துக்கு வந்து சேரவில்லை. ‘இன்கர்’ என்ற ஆங்கிலச் சொல், ஓடிப்போய் ஒன்றில் மோதுவதைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. பொறுப்பில் ஏற்கெனவே சிக்கியாயிற்று என்பதே அதன் உட்பொருள்.

இனி அந்த மொழிபெயர்ப்பின் மூன்று சொற்களையும் பார்ப்போம். ‘உரிமைகோரல்’ என்பது கோருகின்ற செயலைக் குறிக்கும். இங்கோ இன்னும் எவரும் எதையும் கோரவில்லை. கோராத ஒன்றைக் கோரல் என்பது எப்படிப் பொருந்தும்? ஆங்கிலத்தில் ‘கிளெய்ம்’ கோரிக்கையையும், அதன்பேரில் கொடுக்கவேண்டிய தொகையையும் ஒருசேரக் குறிப்பதால் அங்கே முரண் எழவில்லை. தமிழில் அந்தத் தொகைக்கு இழப்பீடு என்ற தெளிவான சொல் இருக்கிறது. ‘காப்பு’ என்பதும் பொருந்தாது. நம் கணக்குப்பதிவியல் பாடநூல்கள் இலாபத்திலிருந்து எடுத்து வைப்பதைக் காப்பு என்றும், இலாபம் காணும் முன்பே செலவாக எழுதுவதை ஒதுக்கு என்றும் பிரித்தே வழங்குகின்றன. ஆங்கிலம் பழக்கத்தால் ‘ரிசர்வ்’ என்றாலும் இது கொடுக்கவேண்டிய பொறுப்பு, ஆகவே ஒதுக்கு.

எனினும் பெருங்கேடு ‘எதிர்கால’ என்ற அடையால்தான் விளைகிறது. கணக்காண்டு டிசம்பர் 31இல் முடிகிறது என்று கொள்வோம். டிசம்பர் 20இல் நேர்ந்த விபத்து பிப்ரவரி 10இல் தெரிவிக்கப்பட்டால், அதற்கான பொறுப்பு முடிந்த ஆண்டைச் சேர்ந்தது. ஜனவரி 5இல் நேர்ந்த விபத்து ஜனவரி 6இலேயே தெரிவிக்கப்பட்டாலும் அது முடிந்த ஆண்டைச் சேராது. அதற்கு ஈடாக நிற்பது இன்னும் ஈட்டப்படாத பிரீமியம். எந்த ஆண்டுக்குரியது என்பதை முடிவு செய்வது இழப்பு நேர்ந்த தேதி. ‘எதிர்கால’ என்ற அடை இவ்விரண்டையும் ஒரே கூடையில் போட்டுவிடுகிறது.

ஆக்சுவரி எனப்படும் காப்பீட்டுக் கணிப்பாளர் இத்தொகையைக் காணும் வழியைப் பார்த்தால் இது விளங்கும். ஒரு நிறுவனத்தின் மூன்றாமாண்டு முடிவில் நிற்கிறோம் என்று கொள்வோம். முதலாண்டு விபத்துகளுக்குத் தெரியவந்த இழப்பீடு ஆண்டிறுதிகளில் 100, 150, 165 என வளர்ந்து நின்றது. இரண்டாமாண்டு விபத்துகளுக்கு இதுவரை 120, 180. மூன்றாமாண்டுக்கு 110 மட்டும். முதலிரண்டு ஆண்டுகளையும் கூட்டினால் முதற்கட்ட வளர்ச்சி 220இலிருந்து 330, அதாவது 1.5 மடங்கு, அடுத்தது 1.1 மடங்கு. ஆகவே இரண்டாமாண்டு 198இலும் மூன்றாமாண்டு 181.5இலும் முடியும், இன்னும் வரவேண்டியவை 18, 71.5, ஆக மொத்தம் 89.5. (தெரிவிக்கப்பட்டும் குறைத்து மதிப்பிடப்பட்டவற்றின் உயர்வும் இதில் கலந்திருக்கிறது என்பதை நினைவில் கொள்ளவேண்டும்.)

கணிப்பாளரின் கையொப்பத்தோடு தணிக்கையாளரின் வேலை முடிவதில்லை. நிபுணரின் திறமையையும் சார்பின்மையையும் எடைபோட வேண்டும்; அவருக்குக் கொடுக்கப்பட்ட தரவைப் பதிவேட்டோடு ஒப்பிடவேண்டும். ஆளில்லாமல் ஆண்டிறுதியில் 20 மதிப்புள்ள கோரிக்கைகள் பதியப்படாமல் கிடந்திருந்தால் 110 என்பது 130 ஆகியிருக்க வேண்டும். அப்போது முடிவுத்தொகை 214.5, பொறுப்பில் விடுபட்டது 33. கணக்கீட்டில் ஒரு பிழையும் இராது. கடிதம் வந்த தேதிக்கும் பதிவான தேதிக்கும் உள்ள இடைவெளி முந்தைய ஆண்டுகளைவிட நீண்டிருப்பதே அதைக் காட்டிக்கொடுக்கும்.

மறு ஆண்டில், பழைய மதிப்பீடு எவ்வளவு நிறைவேறியது என்று திரும்பிப் பார்க்கவேண்டும். மதிப்பீடுகளின் தணிக்கைக்கான ஐ.எஸ்.ஏ. 540 தரநிலையும் இதைக் கேட்கிறது. நான் முதலில் சொன்ன குறிப்பைப் படித்த பயிற்சியாளர் ஒருவர் இந்த இடத்தில்தான் தவறினார். மறு ஆண்டில் தெரிவிக்கப்பட்ட எல்லா இழப்பீடுகளையும், அந்த ஆண்டிலேயே நேர்ந்த விபத்துகளுக்கு உரியவை உட்பட, பழைய ஒதுக்கோடு ஒப்பிட்டு, ஒதுக்கு மிகக் குறைவு என்று எழுதிவிட்டார். பழைய விபத்துகளுக்கு உரியதை மட்டும் பிரித்தெடுத்தபோது வேறுபாடு சிறிதாகவே இருந்தது. அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ‘எதிர்கால’ என்று படித்தவர் எதிர்காலம் முழுவதையும் எடுத்துக்கொண்டார்.

நான் பரிந்துரைப்பது ‘நேர்ந்தும் தெரிவிக்கப்படாத இழப்பீடுகளுக்கான ஒதுக்கு’. நீளம் என்பார்கள். அட்டவணைத் தலைப்பில் ‘தெரிவிக்கா இழப்பீட்டு ஒதுக்கு’ என்று சுருக்கலாம். ஆனால் ‘நேர்ந்தும்’ என்ற சொல் குறிப்பின் முதல் வரியிலாவது கட்டாயம் நிற்கவேண்டும்.