கூட்டப் படத்தில் சிறு முகங்கள்: தானியங்கித் திருத்தம் உண்மையில் என்ன செய்கிறது

சிறுவர் கதைகளுக்குப் படம் வரைந்து தரும் பணியில், சொற்களைக் கொண்டு படம் உருவாக்கும் ஸ்டேபிள் டிஃப்யூஷன் வகை மாடல்களைக் கடந்த சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். என்னிடம் சரிபார்க்க வரும் படங்களில் அடிக்கடி காணும் ஒரு பிழையைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். பத்துப் பதினைந்து பேர் கூடியிருக்கும் ஓவியப் படங்களில் சிதைந்துபோன சிறு முகங்களைச் சரிசெய்ய, ஏடீடெய்லர் போன்ற தானியங்கி முகத் திருத்தத்தை எல்லா முகங்களின்மீதும் ஒரே அமைப்பில் ஓட்டிவிடுவதுதான் அந்தப் பிழை. முகங்கள் தெளிவாகிவிடுகின்றன, ஆனால் அவை அந்தப் படத்தைச் சேர்ந்தவையாக இருப்பதில்லை.

சிறு முகம் ஏன் சிதைகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். இந்த மாடல்கள் படத்தை நேரடியாகப் பிக்சல்களாக வரைவதில்லை. அகலத்திலும் உயரத்திலும் 8 மடங்கு சுருங்கிய ஓர் உள்வடிவத்தில் வரைந்து, பிறகு அதை விரிக்கின்றன. 1216×832 அளவுள்ள படம் உள்ளே 152×104 கட்டங்கள்தான். அதில் 40 பிக்சல் அகலமுள்ள ஒரு முகத்துக்குக் கிடைப்பது 5 கட்டங்கள். இரண்டு கண், மூக்கு, வாய், முகத்தின் திருப்பம் ஆகிய அனைத்தையும் ஐந்துக்கு ஐந்து கட்டங்களுக்குள் அடக்க முடியாததால்தான் கண்கள் ஒன்றோடொன்று கலந்து, வாய் கன்னத்துக்கு நகர்ந்துவிடுகிறது.

ஏடீடெய்லர் இதற்குச் செய்யும் வேலை எளிமையானது. ஒரு கண்டறியும் மாடல் முகம் இருக்கும் இடங்களைப் பெட்டிகளாகக் குறிக்கிறது. ஒவ்வொரு பெட்டியையும் சுற்றிலும் சிறிது இடம் சேர்த்து வெட்டியெடுத்து, பெரிதாக்கி, முகத்தை மட்டும் மீண்டும் வரையச் செய்து, சுருக்கி, பழைய இடத்தில் ஒட்டுகிறது. இதில் மறைந்திருந்த முகம் மீட்கப்படுவதே இல்லை. ஐந்து கட்டங்களில் இல்லாத விவரம் எங்கிருந்தும் வர முடியாது. மாடல் ஒரு புது முகத்தை வரைகிறது. அதுவும், கூட்டத்தில் நிற்பவராக அல்லாமல், தனியே ஸ்டுடியோவில் அமர்ந்து படம் எடுத்துக்கொள்ளும் ஒருவராக வரைகிறது. பின்வரும் எல்லாத் தொல்லைகளுக்கும் இதுவே காரணம்.

என் சொந்த வேலை ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன். ஒரு பாட்டி திண்ணையில் அமர்ந்து விளக்கொளியில் கதை சொல்கிறார். சுற்றிலும் பத்துக் குழந்தைகள். கனமான மைக்கோடும் தட்டையான நீர்வண்ணமும் கொண்ட பாணி. பாட்டியின் முகம் 150 பிக்சல் அளவு, முன்வரிசையில் ஐந்து குழந்தைகள் 75 பிக்சல் அளவு, பின்வரிசையில் ஐந்து பேர் 40 பிக்சல் அளவு. பாட்டியின் முகம் நன்றாகவே வந்திருந்தது. முன்வரிசை ஓரளவு சரி. பின்வரிசை முழுவதும் குழம்பியிருந்தது.

முதல் முறை எந்த அமைப்பையும் மாற்றாமல் ஓட்டினேன். அதாவது, எவ்வளவு மாற்றி வரையலாம் என்பதைச் சொல்லும் denoising strength 0.4, சுற்றிலும் சேர்க்கும் இடம் 32 பிக்சல், கண்டறிதலின் நம்பிக்கை வரம்பு 0.3, எதை வரைய வேண்டும் என்று மாடலுக்குச் சொல்லும் பிராம்ப்டுக்கான பெட்டி காலி. முடிவைப் பெரிதாக்கிப் பார்த்தபோது திருத்திய எல்லா முகமும் அழகாக இருந்தது. படத்தின் உண்மை அளவில் பார்த்தபோதுதான் தவறுகள் தெரிந்தன. பின்வரிசைச் சிறுவன் ஒருவனுக்கு நெற்றிச் சுருக்கமும் நரையும் வந்திருந்தன. பிராம்ப்ட் பெட்டி காலியாக இருந்தால் முழுப் படத்தின் பிராம்ப்டே ஒவ்வொரு முகத்துக்கும் செல்கிறது. அதில் "வயதான பாட்டி" என்ற சொற்கள் இருந்தன. மேலும், பாட்டியைப் பார்த்துக்கொண்டிருந்த குழந்தைகள் பலர் இப்போது வாசகரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெட்டியெடுத்த துண்டுக்குள் பாட்டி இல்லையென்றால், குழந்தை எதைப் பார்க்கிறது என்று மாடலுக்குத் தெரிய வழியில்லை. நேரே பார்க்கும் முகத்தையே அது வரையும். கதை கேட்கும் கூட்டம், புகைப்படத்துக்கு நிற்கும் கூட்டமாகிவிட்டது.

நிறத்திலும் அப்படியே. இடப்பக்க விளக்கிலிருந்து வந்த மஞ்சள் ஒளி முகங்களில் மட்டும் மறைந்து, எல்லாக் கன்னங்களும் ஒரே சீராக வெளுத்திருந்தன. இரண்டு சிறுமிகளின் முகம் அவர்களுடைய கழுத்தையும் கைகளையும் விடத் தெளிவாகவே வெளிர் நிறமாக இருந்தது. தனி முகத்தை நெருங்கி வரையும்போது மாடல் தான் அதிகம் கற்ற நிறத்தின் பக்கம் சாய்கிறது. கருத்த குழந்தைகளை இந்தத் திருத்தம் ஓசையில்லாமல் வெளுக்க வைத்துவிடுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். இதை அச்சுக்குப் போகும்முன் எவராவது ஒருவர் கண்டிப்பாகப் பார்த்தாக வேண்டும். நிறம் எடுக்கும் கருவியால் கன்னத்தையும் கழுத்தையும் தொட்டு ஒப்பிட அரை நிமிடம் போதும்.

ஓவியப் பாணிக்கே உரிய தவறு கோட்டின் தடிமனில் இருக்கிறது. இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. 40 பிக்சல் முகத்துக்கு இருபுறமும் 32 சேர்த்தால் துண்டின் உயரம் 104 பிக்சல். அது 832 பிக்சலாக விரிக்கப்படும்போது 8 மடங்காகிறது. படத்தில் 2 பிக்சல் தடிமனாக இருந்த மைக்கோடு அங்கே 16 பிக்சலாக நிற்கும். ஆனால் மாடல் அந்த அளவில் முகம் வரையும்போது தன் வழக்கப்படி 5 பிக்சல் கோட்டால்தான் வரைகிறது. மீண்டும் 8 மடங்கு சுருக்கினால் அது ஒரு பிக்சலுக்கும் குறைவு. அதனால் உடலுக்குக் கனத்த மைக்கோடும், முகத்துக்கு மட்டும் சாம்பல் நிற மயிரிழைக் கோடும் கிடைக்கின்றன. வேறொருவர் வரைந்த தலையை வெட்டி ஒட்டியதுபோல் ஒரு படம் தோன்றினால், பெரும்பாலும் இதுதான் காரணம்.

ஆகவே, பெரிதாக்கும் விகிதத்தைக் குறைப்பதே நான் செய்த முதல் மாற்றம். திருத்தத்துக்கு முன் முழுப் படத்தையும் இரு மடங்காக்கினேன். பின்வரிசை முகம் 80 பிக்சலாயிற்று, மைக்கோடு 4 பிக்சலாயிற்று. சுற்றிலும் சேர்க்கும் இடத்தை 160 பிக்சலுக்கு உயர்த்தினேன். திருத்தும் அளவைத் தனியே 832×832 என்று கொடுத்தேன். இப்போது துண்டு 400 பிக்சல், விரிவு ஏறத்தாழ 2 மடங்கு மட்டுமே. மாடலின் 5 பிக்சல் கோடு சுருங்கி வரும்போது 2.5 பிக்சலாக நிற்கிறது. உடலின் கோட்டைவிடச் சற்று மெல்லியது என்றாலும் அதே குடும்பத்தைச் சேர்ந்தது. முகத்துக்கு 5 கட்டங்களுக்குப் பதிலாக இருபது கட்டங்கள் கிடைக்கின்றன. இந்தப் பாணிக்கு அது போதும். இடத்தைக் கூட்டியதால் தோளும் பக்கத்துக் குழந்தையும் விளக்கின் ஒளியும் துண்டுக்குள் வந்துவிட்டன. முகங்கள் வெளுப்பது அதிலேயே பெருமளவு நின்றது.

அடுத்து, முன்வரிசையையும் பின்வரிசையையும் பிரித்தேன். ஏடீடெய்லரில் ஒன்றுக்கு மேற்பட்ட தாவல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் முகத்தின் பரப்பு முழுப் படத்தின் பரப்பில் எவ்வளவு என்பதை வைத்து வடிகட்டலாம். பின்வரிசை முகம் 0.0016, முன்வரிசை முகம் 0.0056, பாட்டியின் முகம் 0.022. இது விகிதம் என்பதால் படத்தை இரு மடங்காக்கினாலும் மாறாது. முதல் தாவலில் Mask max area ratio 0.003, denoising strength 0.45. இரண்டாம் தாவலில் 0.003 முதல் 0.01 வரை, denoising strength 0.28. பாட்டியின் முகம் இரண்டிலும் அகப்படாது. நன்றாக இருந்த முகத்தைத் தொட வேண்டியதில்லை. சிதைந்த முகத்தை 0.25 போன்ற குறைந்த அளவில் திருத்தினால் சிதைவே கூர்மையாகித் திரும்பி வரும், 0.6-ஐத் தாண்டினால் முகத்துக்குள் இன்னொரு சிறு கூட்டமே முளைக்கலாம்.

கண்டறிதலில் ஒரு சிக்கல் மீதமிருந்தது. சுவரோரம் இருந்த ஒரு மண்பானையை மாடல் முகமாக எடுத்துக்கொண்டு அதற்குக் கண்கள் வரைந்திருந்தது; அதே வேளையில் பக்கவாட்டில் திரும்பியிருந்த ஒரு சிறுவனை விட்டுவிட்டது. வரம்பை 0.5-க்கு உயர்த்தினால் பானை நீங்குகிறது, ஆனால் இன்னும் இரண்டு குழந்தைகளும் விடுபடுகிறார்கள். எனவே வரம்பை அப்படியே வைத்து, அமைப்புகளில் பெட்டிகளை இடமிருந்து வலமாக வரிசைப்படுத்தும் தெரிவை இட்டு, பின்வரிசைக்கான முதல் தாவலில் ஒவ்வொரு பெட்டிக்கும் தனி பிராம்ப்ட் எழுதினேன். இடமிருந்து மூன்றாவதாக இருந்தது பானை. [SEP] ஒரு பெட்டியின் பிராம்ப்டை அடுத்ததிலிருந்து பிரிக்கிறது, [SKIP] அந்தப் பெட்டியைத் தொடாமல் விடச் சொல்கிறது.

```
ink and wash, boy, looking left [SEP]
ink and wash, girl, dark skin, looking left [SEP]
[SKIP] [SEP]
ink and wash, boy, mouth open [SEP]
ink and wash, girl, dark skin, looking left
```

பாணியைக் குறிக்கும் சொற்களை ஒவ்வொரு வரியிலும் திரும்ப எழுத வேண்டும். மேலும், குறிப்பிட்ட கதாபாத்திரத்தை வரைய மாடலுக்குக் கூடுதலாகக் கற்பிக்கும் லோரா என்ற சிறு கோப்பு முழுப் படத்தின் பிராம்ப்டில் இருந்தால் அதை இங்கே கொண்டுவரக் கூடாது. கொண்டுவந்தால் எல்லாக் குழந்தைகளும் ஒரே குழந்தையாகிவிடுவார்கள்.

விடுபட்ட சிறுவனுக்காகப் படத்தை இன்னும் பெரிதாக்கிப் பார்த்தேன், பயனில்லை. கண்டறியும் மாடல் எந்தப் படத்தையும் பொதுவாக 640 பிக்சலுக்குச் சுருக்கித்தான் பார்க்கிறது. படம் எவ்வளவு பெரிதானாலும் அவன் முகம் அதற்கு 21 பிக்சல்தான். பின்வரிசையை மட்டும் தனியே வெட்டி அதன்மீது ஓட்டினால் அகப்படும். நான் கையாலேயே, திருத்த வேண்டிய இடத்தைக் குறிக்கும் மாஸ்க் வரைந்து அவனைத் திருத்தினேன். ஒரே முகத்துக்கு அதுவே விரைவானது.

இவ்வளவுக்குப் பிறகும் திருத்திய படத்தை அப்படியே ஏற்பதில்லை. Save images before ADetailer என்ற தெரிவை இட்டால் திருத்தத்துக்கு முந்தைய படமும் சேமிக்கப்படும். இரண்டையும் அடுக்குகளாக வைத்து, அச்சில் வரும் அளவிலேயே மாற்றி மாற்றிப் பார்த்து, எந்த முகத்தில் எவ்வளவு வேண்டுமோ அதை மட்டும் மேலடுக்கிலிருந்து தூரிகையால் எடுத்துக்கொள்கிறேன். பின்வரிசையில் வலக்கோடியில் இருந்த சிறுமியின் முகம் திருத்தத்தில் மிக நன்றாக வந்திருந்தது. இமை மயிர்கூடத் தெரிந்தது. ஆனால் அவளுக்கு முன்னால் இருந்த பெரிய முகங்களில் இமை மயிர் இல்லை. கண் அவளிடமே சென்று நின்றது, பாட்டியிடம் செல்லவில்லை. அவள் முகத்தில் திருத்தத்தை முழுவதும் நீக்கிவிட்டு, கண்ணுக்கு இரண்டு புள்ளியும் வாய்க்கு ஒரு சிறு கோடும் கையால் வைத்தேன்.