கார்டின் தலையில் நாலு வரி: பெயரிலிருந்து தொடங்குங்கள்

சுங்கை சிப்புட்டில் அழைப்பிதழ் அச்சடிக்கும் எங்களிடம், சுற்றுத் தோட்டங்களிலிருந்து வருகிறவர்கள் கடைசியாகக் கேட்பது இதுதான்: "அண்ணே, மேலே ஒரு பாட்டு போட்டுக் குடுங்க." பழைய கார்டிலிருந்து எடுத்துப் போட்டால் வேலை சுலபம். ஆனால் போன மாதம் பக்கத்து வீட்டுக்குப் போன அதே பாட்டு உங்கள் வீட்டுக்கும் வரும்.

ஒரு காதணி விழா. குழந்தை தமிழினி. அப்பா எழுதி வந்த நாலு வரியும் 'விளக்காம்', 'நாளாம்' என்று 'ஆம்'மில் முடிந்தன. தேதியும் மண்டபமும்கூட உள்ளேயே இருந்தன. அவை கீழே எப்படியும் வரும் என்பதால் முதலில் அவற்றை எடுத்தோம். கடைசி எழுத்து மட்டும் ஒத்தால் தமிழ்க் காதுக்குப் போதாது. வரித் தொடக்கத்தில் எதுகை வேண்டும்: இரண்டாம் எழுத்து ஒத்து வரவேண்டும், முதல் எழுத்து குறில் என்றால் எல்லா வரியிலும் குறிலாக இருக்க வேண்டும். 'தமி'க்கு அமுது, இமை, உமை எல்லாம் சேரும். மகர வரிசைக்குள் உயிர் மாறினாலும் பரவாயில்லை.

தமிழினி செவிகளில் தங்கத் தோடு
அமுதச் சிரிப்பால் அழகாம் வீடு
இமைபோல் காக்கும் இனத்தார் கூட
உமையவள் புகழை ஒன்றாய்ப் பாட

ஒவ்வொரு வரியிலும் முதல் சொல்லுக்கும் மூன்றாம் சொல்லுக்கும் மோனை இருக்கிறது. த-த, அ-அ, இ-இ சரி, உ-ஒ எப்படி என்றால், உ, ஊ, ஒ, ஓ நான்கும் மோனையில் ஒரே இனம். 'பாட' என்று முடியாமல் நிற்பது வேண்டுமென்றே செய்தது. அதற்கு அடுத்த வரியே 'வருக வருக' என்று அழைப்பு தொடங்குகிறது.

எல்லாப் பெயரும் இப்படி இடம் கொடுக்காது. அஷ்வின் போல இரண்டாம் எழுத்து 'ஷ்' என்றால் சொல் தேடி நேரம் போக்காதீர்கள். பெயரை வரியின் நடுவில் வைத்துவிட்டு, 'அன்பு' போன்ற சொல்லில் தொடங்குங்கள். இன்னொரு சிக்கல் நம் ஊருக்கே உரியது. பிறப்புப் பத்திரத்தில் பெயர் ரோமன் எழுத்தில்தான் இருக்கும். அதைப் பார்த்துக் குறிலா நெடிலா, 'ன'வா 'ண'வா என்று சொல்ல முடியாது. வீட்டில் தமிழில் எப்படி எழுதுகிறீர்கள் என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். பாட்டு முடிந்த பிறகு தாத்தா வந்து ஓர் எழுத்தை மாற்றினால் எதுகை மொத்தமும் போய்விடும்.

அப்புறம் அச்சு. வரிக்கு நாலு சொல் போதும். நீண்டால் கடைசிச் சொல் கீழே விழும், நாலு வரி ஐந்தாறு வரியாகி எதுகை கலைந்துவிடும். எல்லாரும் நடுவில் அடுக்கச் சொல்கிறார்கள். என் கருத்து, இடப்பக்கம் ஒரே நேராக அடுக்குவதே நல்லது. தமி, அமு, இமை, உமை ஒன்றின்கீழ் ஒன்றாகத் தெரியும். வாட்ஸ்அப்பில் அனுப்பும் பாட்டு எங்கள் பழைய எழுத்துருவுக்கு மாறும்போது கொம்பும் காலும் இடம் மாறுவதுண்டு. அதனால் மாதிரித்தாளில் 'கொ', 'போ' வரும் சொற்களை முதலில் பாருங்கள். பிறகு வீட்டில் யாரையாவது சத்தமாக வாசிக்கச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.