முப்பது விநாடியில் செயலியின் பயனைக் காட்டுதல்

செயலிகளுக்காகத் தயாராகும் குறுங்காணொளிகளில் பல, நிறுவனச் சின்னம், உள்நுழைவுத் திரை, ஓடிபி என்று தொடங்குகின்றன. பயன் கண்ணில் படுமுன் பத்து விநாடி போய்விடுவதால், பார்ப்பவர் அடுத்த காணொளிக்குத் தள்ளிவிடுகிறார்.

கடலூர் துறைமுகத்தில் காலையில் இறங்கும் மீனை வீட்டுக்கு அனுப்பும் செயலி ஒன்றுக்கு அண்மையில் காணொளி தயாரித்தோம். சலுகை, சமையல் குறிப்பு, பணம் செலுத்தும் வழிகள் என அனைத்தையும் காட்ட வேண்டும் என்று உரிமையாளர் விரும்பினார். வாடிக்கையாளர்கள் எதற்காகத் திரும்ப வருகிறார்கள் என்று கேட்டபோது, "இன்னிக்கு என்ன மீன் வந்திருக்கு, என்ன விலைன்னு வீட்டிலிருந்தே தெரியுது சார்" என்றார். அதை மட்டும் காட்டுவது என்று முடிவெடுத்தோம்.

முதல் 3 விநாடி, மஞ்சக்குப்பத்து வீடொன்றில் சுத்தம் செய்த வஞ்சிரத் துண்டுகள் பாத்திரத்தில் விழுகின்றன. அடுத்த 16 விநாடி செயலியின் திரை: இன்றைய மீன் பட்டியல், விலை, அரை கிலோ, துண்டு போடும் தேர்வு, ஆர்டர். பிறகு 7 விநாடி, பொட்டலம் வாசலுக்கு வருகிறது. கடைசி 4 விநாடி செயலியின் பெயருக்கு.

திரையைப் பதிவு செய்யுமுன் சோதனைக் கணக்கு ஒன்றைத் திறந்து, அறிவிப்புகளை நிறுத்திவிடுங்கள். உண்மையான வாடிக்கையாளரின் முகவரியோ கைபேசி எண்ணோ ஒரு கணம் தெரிந்தாலும், நிறுத்திப் பார்த்து எவரும் படித்துவிடலாம். முழுத் திரையையும் அப்படியே வைத்தால் விலை எழுத்துகள் பொடியாகிவிடும் என்பதால், விரல் தொடும் பகுதியை மட்டும் பெரிதாக்க வேண்டும். காணொளியை 1080×1920 என்ற நெடுவாக்கு அளவில் அமைத்தாலும், கீழ்ப்பகுதியையும் வலது ஓரத்தையும் தளத்தின் பொத்தான்கள் மறைக்கும். முக்கிய எழுத்துகளை அங்கே வைக்கக்கூடாது. பலர் ஒலியின்றிப் பார்ப்பதால், பேசுவதன் சாரம் திரையிலும் எழுத்தாக இருக்க வேண்டும்.

திரை திறக்கக் காத்திருக்கும் நேரத்தை வெட்டலாம். பயனர் செய்தே தீர வேண்டிய படியை வெட்டுவது ஏமாற்று என்றே கருதுகிறேன். மீன் விலை நாளுக்கு நாள் மாறுவதால், பட்டியலில் தேதி தெரியும்படி பதிவு செய்தோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அப்போது இந்தக் காணொளியை ஓட்டினால், கிடைக்காத மீனைக் காட்டி ஆளை அழைப்பதாகிவிடும். அதற்குத் தனிப் பதிவு வேண்டும்.

வெளியிடுமுன், செயலியைப் பற்றி அறியாத ஒருவரிடம் ஒலியை அணைத்து ஒருமுறை மட்டும் போட்டுக் காட்டுங்கள். எங்கள் முதல் வடிவத்தைப் பார்த்த பக்கத்துக் கடை அக்கா, "மீன் வெட்டிக் குடுக்கிற ஆப்பா தம்பி?" என்று கேட்டார். துண்டுகள் மனத்தில் நின்றன, விலைப் பட்டியல் நிற்கவில்லை. பட்டியலை இன்னும் 2 விநாடி நிறுத்தி, "இன்றைய விலை" என்ற சொற்களைப் பெரிதாக்கி, அந்த 2 விநாடியை ஆர்டர் செய்யும் பகுதியிலிருந்து எடுத்துக்கொண்டோம்.