இரண்டு மோட்டார் இருந்தும் தொட்டி ஏன் காய்ந்தது

போன வருடம் மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு போன். பெங்களூரு ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. சங்கத்தின் செயலாளர் திருநெல்வேலிக்கார அம்மா. "தம்பி, மாடித் தொட்டியில சொட்டுத் தண்ணி இல்ல. ரெண்டு மோட்டார் போட்டிருக்கோம், ரெண்டுமா ஒரே நாள்ல போகும்? மூணாவதா ஒண்ணு வாங்கிருவோமா?"

பம்பு, பேனல் பராமரிப்புதான் என் தொழில். இந்தக் கேள்வியை வேறு வேறு வார்த்தைகளில் பல சங்கங்களில் கேட்டிருக்கிறேன். கீழ்த்தொட்டியிலிருந்து மாடிக்கு ஏற்ற ஒரு மோட்டார் போதும், பாதுகாப்புக்கு இரண்டு. அங்கே இரண்டும் சேர்ந்தே ஓடும்.

முதலில் ஒற்றை மோட்டாரின் கணக்கைப் பார்ப்போம். அவர்களுடைய பழைய ரெஜிஸ்டரைப் புரட்டினால், ஒரு மோட்டார் சராசரியாக 245 நாள் ஓடிய பிறகு பழுதாகிறது. இதைத்தான் மீன் டைம் டு ஃபெய்லியர், சுருக்கமாக எம்.டி.டி.எஃப். என்கிறோம். 245 நாள் வரை உத்தரவாதம் என்று இதற்குப் பொருள் இல்லை. பழுது எந்த நாளிலும் ஒரே அளவு வாய்ப்போடு வரும் என்று வைத்துக்கொண்டால், 245-ஆம் நாளைத் தாண்டி ஓடுபவை நூற்றுக்கு 37 மட்டுமே.

பழுதான மோட்டாரைக் கழற்றி, காயில் கட்டும் கடைக்கு அனுப்பி, வார்னிஷ் காய்ந்து, பேரிங் மாற்றி, திரும்ப மாட்ட ஐந்து நாள் ஆகும். ஆக 250 நாளுக்கு 245 நாள் மோட்டார் கைவசம் இருக்கும், அதாவது 98 சதவீதம். இது அவைலபிலிட்டி. கேட்க நன்றாக இருந்தாலும், வருடத்துக்கு ஏழு நாளுக்கு மேல் தண்ணீர் இல்லை என்று அர்த்தம். கோடையில் அந்த ஏழு நாளும் டேங்கர் லாரிக்காரரைத் தேடி அலைய வேண்டும்.

இரண்டாவது மோட்டார் வந்தால்? ஒன்று படுத்திருக்கும் வாய்ப்பு 0.02. இரண்டும் தனித்தனியாகப் பழுதாகி, தனித்தனியாகச் சரி செய்யப்பட்டால், ஒரே நேரத்தில் இரண்டும் படுத்திருக்கும் வாய்ப்பு 0.02 × 0.02, அதாவது 0.0004. வருடத்துக்கு மூன்றரை மணி நேரம். இந்த எண்ணை நம்பித்தான் எல்லோரும் இரண்டாவது மோட்டார் வாங்குகிறார்கள். அதில் ஒளிந்திருக்கும் நிபந்தனை ஒன்று கண்ணில் படுவதில்லை: ஒன்று நின்றதும் அது கழற்றப்பட்டு, ஐந்தே நாளில் திரும்பி வந்தாக வேண்டும்.

அப்படி யாரும் சரி செய்யவே இல்லை என்று வையுங்கள். இரண்டு மோட்டாரும் ஓடும்போது, அவற்றில் ஏதாவது ஒன்று பழுதாகும் வாய்ப்பு இரட்டிப்பு. எனவே முதல் பழுது சராசரியாக 122 நாளிலேயே வந்துவிடும். மிச்சமிருக்கும் ஒன்று அதற்கப்புறம் சராசரியாக 245 நாள். மொத்தம் சுமார் 367 நாள். இரண்டு மடங்கு பணம் போட்டு ஒன்றரை மடங்கு ஆயுள்! மூன்றாவதை வாங்கினால் இன்னும் 82 நாள் கூடும், அவ்வளவுதான். நானே முதன்முதலில் இதைப் போட்டுப் பார்த்தபோது, தப்பாகக் கூட்டிவிட்டோமோ என்று மறுபடி கூட்டினேன்.

இப்போது பழுதானதை உடனுக்குடன் ஐந்து நாளில் சரி செய்து மாட்டுங்கள். தொட்டி காய வேண்டுமென்றால், ஒன்று கடையில் இருக்கும் அந்த ஐந்து நாளுக்குள் மற்றதும் போக வேண்டும். அப்படி ஒரு நாள் வர சராசரியாக 6,370 நாள் ஆகும், பதினேழு வருடத்துக்கும் மேலே. அதே இரண்டு மோட்டார்தான். சரி செய்ய ஐந்துக்குப் பதில் ஐம்பது நாள் எடுத்தால் இது ஏறக்குறைய 970 நாளுக்கு இறங்கிவிடும். மூன்று வருடம்கூட வராது. இரண்டாவது மோட்டார் உங்களுக்கு வாங்கித் தருவது அவகாசம். அந்த அவகாசத்தில் ஸ்பானரைக் கையில் எடுக்காவிட்டால் வாங்கியதில் பெரும்பகுதி வீண்.

ஒயிட்ஃபீல்டில் நடந்தது இதுதான். பம்ப் ஆபரேட்டர் கிருஷ்ணகிரிக்காரர், ஒழுங்காக ரெஜிஸ்டர் எழுதுகிறவர். மோட்டார் போட்ட நேரம், தொட்டி நிரம்பிய நேரம் எல்லாம் இருந்தது. இரண்டும் ஓடினால் நிரம்ப 45 நிமிடம். மார்ச் கடைசி வாரம் ஒரு நாளில் அது 75 ஆகி, அதற்கப்புறம் 75-லேயே நின்றுவிட்டது. "அண்ணே, இதப் பாத்தீங்களா?" என்று கேட்டேன். "கோடை சார், வோல்டேஜ் கம்மின்னு நெனச்சேன். தொட்டி ரொம்புதே" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஒரு மோட்டார் மார்ச்சிலேயே செத்துவிட்டது. மற்றது தனியாகச் சுமந்து ஐம்பது நாள் ஓடியிருக்கிறது. பழுதை நாம் பார்த்த நாளிலிருந்து சரி செய்யும் நேரத்தை எண்ணக் கூடாது. பழுதான நாளிலிருந்தே எண்ண வேண்டும். அந்தக் கணக்கில் அவர்கள் ஐம்பது நாள் கட்சி.

(இரண்டு மோட்டார் என்றால் நேரம் பாதியாகக் குறையும் என்று சிலர் எதிர்பார்ப்பார்கள். பொதுக் குழாயில் உராய்வு கூடுவதால் அவ்வளவு குறையாது. ஒன்று நின்றால் நேரம் இரட்டிக்காமல் 75-இல் நிற்பதும் அதனால்தான். வித்தியாசம் சின்னதாக இருப்பதால் கண்ணுக்கு எளிதில் தப்பும்.)

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். இரண்டு மோட்டாருக்கும் ஒரே பேனல், ஒரே மிதவை சுவிட்ச். இவை இரண்டில் ஒன்று போனாலும் இரண்டு மோட்டாரும் நிற்கும். இப்படி வரிசையில் இருக்கும் பாகங்களின் அவைலபிலிட்டியை ஒன்றோடொன்று பெருக்க வேண்டும். பெங்களூருக்குக் காவிரித் தண்ணீர் டி.கே. ஹள்ளி, ஹாரோஹள்ளி, தாதகுணி என்று மூன்று கட்டமாக ஏற்றப்பட்டு வருகிறதே, அதுவும் இந்த வரிசை முறைதான்; ஒரு கட்டம் நின்றால் குழாயில் காற்றுதான் வரும். இவர்கள் பேனலும் சுவிட்சும் சேர்ந்து 99.5 சதவீதம் என்று வைத்தால், வருடத்துக்கு 44 மணி நேரம் அதிலேயே போகிறது. மோட்டார்களின் மூன்றரை மணி அதன் பக்கத்தில் ஒன்றுமில்லை. பத்து மோட்டார் போட்டாலும் அந்த 44 குறையாது. மேலே சொன்ன பதினேழு வருடமும் மோட்டார்களுக்கு மட்டுமான தாள் கணக்கு.

நான் போட்ட பெருக்கல் எல்லாம் இரண்டு பழுதுகளுக்கும் சம்பந்தம் இல்லை என்று நம்பிப் போட்டது. ஒரே நாளில் வாங்கி, ஒரே அளவு ஓடிய இரண்டு மோட்டாரின் பேரிங்குகள் தேயும் காலமும் அருகருகே வரும். அங்கே நிஜம் கணக்கைவிட மோசமாகத்தான் இருக்கும். செத்த மோட்டாரின் குழாயில் தண்ணீரைத் திரும்ப விடாமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு சரியாக மூடாவிட்டால் இன்னும் வேடிக்கை: ஓடுகிற மோட்டார் ஏற்றும் தண்ணீரில் ஒரு பங்கு, செத்தது வழியாகக் கீழ்த்தொட்டிக்கே திரும்பி வரும்.

மூன்றாவது மோட்டார் வாங்கவில்லை. அந்தப் பணத்தில் இரண்டு மோட்டாருக்கும் தனித்தனி ஸ்டார்ட்டர் பேனல், தனி மிதவை சுவிட்ச், ஓடிய நேரத்தைக் காட்டும் தனி மணி மீட்டர் வைத்தோம். மோட்டார் ரூம் சுவரில் ஆபரேட்டர் கரியால் எழுதி வைத்திருக்கிறார்: "55 நிமிஷம் தாண்டினா போன் பண்ணு." ஆகஸ்டில் ஒருமுறை போன் வந்தது. மோட்டார் நான்காம் நாள் திரும்பி வந்தது. மாடியில் யாருக்கும் தெரியாது.